'பார்க்கலாம்' என்றால் முடிவா?

கூட்டம் முடிந்தவுடன் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சரி, இப்ப யார் என்ன செய்யணும்?" பேசும்போது தெளிவாக இருந்தது, காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு கதையாகிவிடும். அதனால்தான் இப்போது பல அலுவலகங்களில் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அதைச் சாட்போட்டிடம் கொடுத்து முடிவு, பொறுப்பாளர், கெடு என்று மூன்று பத்தி அட்டவணையாக வாங்கிக்கொள்கிறோம். அரை நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. ஆனால் அந்த அட்டவணையில் யாரும் சொல்லாதது ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் நம்முடையது.

எங்கள் வானொலியில் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியை ஒரு மண்டபத்திலிருந்து நேரலையாகத் தருவது பற்றி 6 பேர் 50 நிமிடம் பேசினோம். பதிவு செய்வது எல்லாருக்கும் தெரியும். எழுத்தாக்கியபோது 430 வரிகள் வந்தன. பாதி தமிழ், கால்வாசி ஆங்கிலம், இடையிடையே மலாய். முறுக்கு எங்கே வாங்குவது என்பதற்கே 20 வரிகள்!

முதல் வேலையாக ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டேன். விளம்பரதாரர் பெயரையும் தொலைபேசி எண்களையும் எடுத்துவிட்டேன். அவை வெளியே போக வேண்டியதில்லை. பிறகு சாட்போட்டுக்கு மூன்று விதிகள் வைத்தேன். ஒவ்வொரு முடிவுக்கும் அது எந்த வரியில் இருக்கிறது என்ற எண்ணும், அந்த வரியில் பேசிய சொற்கள் அப்படியேயும் வேண்டும். ஆள் பெயரோ தேதியோ பேச்சில் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் 'சொல்லப்படவில்லை' என்று எழுத வேண்டும். யோசனையாக மட்டும் பேசப்பட்டதைத் தனிப் பட்டியலில் போட வேண்டும்.

இரண்டாவது விதிக்குக் காரணம் உண்டு. 'பொறுப்பாளர்' என்று ஒரு பத்தி போட்டுவிட்டால், அதை நிரப்பப் பார்ப்பது இந்தச் செயலிகளின் இயல்பு. காலியாக விடலாம் என்று நாம் சொன்னால்தான் காலியாக விடும். சொன்ன பிறகும் சில நேரம் நிரப்பிவிடும்.

வந்த அட்டவணையில் 11 முடிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேற்கோளையும் எழுத்தாக்கத்தில் தேடிப் பார்த்தேன். சொற்கள் அங்கே இல்லையென்றால் அது கற்பனை. அதைக் கண்டுபிடிப்பது எளிது. இந்த முறை 11 மேற்கோள்களும் இருந்தன. அத்தோடு நிறுத்தக்கூடாது. மேற்கோள் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாக இருக்கலாம்.

ஓர் உதாரணம். விளம்பரதாரருக்கான கடிதத்தை விற்பனைப் பிரிவு அக்கா வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவார் என்று ஒரு வரி. 212ஆம் வரியில் தயாரிப்பாளர், "வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் போயிட்டா நல்லது" என்கிறார். அடுத்த வரியில் அக்கா சொன்ன பதில், "ம்ம்... பார்க்கலாம்." அவ்வளவுதான். நம் ஊரில் 'பார்க்கலாம்' என்பது பல நேரங்களில் மரியாதையாகச் சொல்லும் 'இல்லை' என்பது நமக்குத் தெரியும். செயலி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. அதோடு வெள்ளிக்கிழமைக்கு ஒரு தேதியையும் தானே சேர்த்திருந்தது. கூட்டம் நடந்ததோ வியாழக்கிழமை. மறுநாளா, அடுத்த வாரமா என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இதை அப்படியே வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை கடிதம் போகாதபோது, "நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க, இதோ குறிப்புல இருக்கே" என்று அக்காவிடம் யாராவது கேட்பார்கள். பேச்சை மறந்துவிடுவார்கள், எழுத்தைத்தான் காட்டுவார்கள். செய்யாத சத்தியத்துக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது வகை, காலாவதியான முடிவு. 118ஆம் வரியில் "பத்துப் பாட்டு போதும்" என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். 305ஆம் வரியில் நேரக் கணக்கு போட்ட பிறகு, "எட்டாக்கிடுவோம்" என்று மாற்றினோம். அட்டவணையில் 10 என்றே இருந்தது. மேற்கோள் துல்லியம், முடிவு பழையது. இதற்கு ஒரே வழி, மேற்கோளோடு நிற்காமல் 'பாட்டு' என்ற சொல்லைக் கடைசி வரிவரை தேடி, கடைசியாக என்ன பேசினோம் என்று பார்ப்பதுதான்.

மூன்றாவது, ஆள் மாறாட்டம். தமிழில் "பேசிடுறேன்" என்று சொன்னால் போதும், 'நான்' வேண்டாம்; வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் இருக்கிறார். அதனால் அந்த வரியைச் சொன்னவர் யார் என்பதில்தான் எல்லாமே தொங்குகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுத்தாக்கும் செயலி குரலை மாற்றிப் பதிவு செய்துவிடும். பாடகர்களிடம் பேசும் பொறுப்பு புதிதாகச் சேர்ந்த தம்பியின் பெயரில் இருந்தது. அந்த இடத்து ஒலியைக் கேட்டேன். அது ஒலிப் பொறியாளர் அண்ணனின் குரல்.

இதுவரை சொன்னது, இல்லாததைக் கண்டுபிடிப்பது. விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க எதிர்த்திசையில் போக வேண்டும். எழுத்தாக்கத்தில் 'றேன்' என்ற எழுத்துகளை மட்டும் தேடுங்கள். சொல்றேன், அனுப்புறேன், கேட்கிறேன் என்று தன் வாயால் பொறுப்பேற்ற இடங்களில் பெரும்பாலானவை வந்துவிடும். 'றோம்' என்று தேடினால் 'செஞ்சிடுறோம்' வரும். அந்த 'நாம்' யார் என்று கேட்க வேண்டும். 'லாம்' என்று தேடினால் யோசனைகள் வரும். 'க்குள்ள' என்று தேடினால் கெடுக்கள் வரும். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒத்துக்கொண்டவை இதில் சிக்காது. ஆங்கிலம் கலந்த வரிகளை ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுவது நல்லது.

அப்படி 'றேன்' தேடியதில் 421ஆம் வரி கிடைத்தது. எல்லாரும் எழுந்துவிட்ட நேரம். ஒருவர் சிரித்துக்கொண்டே, "நேரலையில கரண்ட் போச்சுன்னா?" என்கிறார். தம்பி, "ஜெனரேட்டர் இருக்கான்னு மண்டபத்துல கேட்டுச் சொல்றேன்" என்கிறான். அரட்டை போல ஒலித்ததால் அட்டவணையில் அது இல்லை. நேரலைக்கு அதைவிட முக்கியமான வரி அந்தக் கூட்டத்தில் வேறு எதுவும் இல்லை.

கடைசிக் கணக்கு இது. 11இல் 6 அப்படியே நின்றன. ஒன்றில் எண்ணிக்கை மாறியது, ஒன்றில் ஆள் மாறினார். கடிதம் உட்பட 3, முடிவுகளே அல்ல என்று வெளியே வந்தன. விட்டுப்போன ஒன்று சேர்ந்தது. ஆக 9 முடிவுகள், 3 கேள்விகள். இந்தச் சரிபார்ப்புக்கு 25 நிமிடம் ஆனது.

அந்த 3 கேள்விகளையும் மறைக்காமல் குறிப்பின் கீழேயே போட்டு அனுப்பினேன்: 'விளம்பரதாரர் கடிதம் - யார் அனுப்புவது, எந்தத் தேதிக்குள்? கூட்டத்தில் முடிவாகவில்லை.' அக்கா 10 நிமிடத்தில் பதில் போட்டார். விலைப்பட்டியல் கைக்கு வராமல் கடிதம் எழுத முடியாது, பட்டியல் கிடைத்த இரண்டாம் நாள் அனுப்புகிறேன் என்றார். 'பார்க்கலாம்' என்பதற்குப் பின்னால் இருந்த காரணம் அதுதான். ஒரு கட்டத்தைத் தைரியமாகக் காலியாக விட்டால், அதை நிரப்ப வேண்டியவரே வந்து நிரப்புகிறார்.