மெதுவாகத்தான் வருவேன்

இதை மூன்றாவது, நான்காவது சந்திப்பில் சொல்லிவிடுவது நல்லது. முதல் நாளே சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பரீட்சை எழுத உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், நாம் விலகி நின்றதற்கெல்லாம் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார். பெரும்பாலும் ‘என்னைப் பிடிக்கல’ என்று.

பழைய கதை முழுக்க வேண்டாம். விவரமாகச் சொன்னால் கேட்பவர் அந்தப் பழைய ஆளோடு தன்னை ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “முன்னாடி ஒருத்தர ரொம்ப நம்பி அடிபட்டிருக்கேன். அதனால நெருங்கி வர எனக்கு நேரமாகும். உங்களப் பிடிச்சிருக்கு, அதான் சொல்றேன். திடீர்னு ரெண்டு நாள் பேச்சே இல்லன்னா பயந்துடுவேன். வேலை இருந்தா ‘பிஸி’ன்னு ஒரு வார்த்தை போடுங்க, போதும்.”

வெறுமனே ‘பொறுமையா இருங்க’ என்றால், என்ன செய்யணும், எதுவரைக்கும் என்று தெரியாமல் யாரும் மிரளத்தான் செய்வார்கள். ஒரு வார்த்தை போடுவது யாராலும் முடியும். (போன் பாஸ்வேர்டு கேட்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.)

அவள் காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். “சரி. ஆனா நீங்களும் போடணும். சும்மா சும்மா விசாரிக்கவும் கூடாது” என்றாள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனவள் ரயில் ஏறியதும் அனுப்பியிருந்தாள்: ‘சிக்னல் இருக்காது. காலைல பேசறேன்.’