காலை இறைப்பின் முதல் நிமிடங்கள்

செம்மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல் பரந்து கிடக்கும் புத்தூரில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய நன்னீர் கிணற்றிலிருந்தே இறைக்கப்படுவதால், மோட்டர் திருத்துபவருக்கு அங்கு வேலை ஓய்வதில்லை. பம்பின் உறையில் கையை வைத்து அதிர்வையும், காதைக் கொடுத்து ஓசையையும் அறிவதே அத்தொழிலின் பழைய முறையாகும். மோட்டர் இழுக்கும் மின்வலுவைச் சில செக்கன்களுக்கு ஒருமுறை பதிந்துவைக்கும் சிறு மானிகள் மலிந்துவிட்ட பின்னர், ஓசை மாறுவதற்குப் பல கிழமைகள் முன்பே தெரியும் குறிகளையும் அவரால் வாசிக்க முடிகிறது.

அவ்வாறு வாசிக்கத் தொடங்குபவர் முதலில் விட்டுவிட வேண்டியது, பழுதான இயந்திரம் கூடுதலாக மின்சாரம் குடிக்கும் என்ற எண்ணத்தையே. பெயாரிங் இறுகினால் வலு கூடுவது உண்மைதான். ஆனால் சுழலும் தட்டினால் நீரை வெளித்தள்ளும் மையநீக்கப் பம்பில், மோட்டரின் சுமை பெரும்பாலும் அது தள்ளும் நீரின் அளவைப் பொறுத்தது. ஆகவே நீர் குறைந்தாலோ காற்றுப் புகுந்தாலோ வலு இறங்குகிறது. நோயுற்ற பம்பு பதிவில் சிக்கனமான பம்பைப் போலவே தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உறையில் சிறிது நீரைத் தேக்கிவைத்துத் தானே உறிஞ்சும் வகையைச் சேர்ந்த 1 குதிரைவலுப் பம்பு ஒன்று, 1000 வாற்று இழுத்து, 1000 லீற்றர் தாங்கியை 25 நிமிடத்தில் நிரப்புகிறது எனக் கொள்வோம். நல்ல நிலையில், தொடக்கத்து நொடிப்பொழுது எழுச்சி அடங்கியதும் பதிவுக்கோடு 1000 வாற்றில் சமதளமாக ஓடி, தாங்கியின் மிதவை ஆளி மோட்டரை நிறுத்தியதும் செங்குத்தாக விழுகிறது. பின்னொரு நாள் காலையில் முதல் 3 நிமிடம் கோடு 550 வாற்றிலேயே கிடந்து, அதன்பின் ஒரே படியாக 1000க்கு ஏறுகிறது. மாலை இறைப்பிலோ அந்தப் படி இல்லை.

காலைக்கும் மாலைக்கும் உள்ள இவ்வேறுபாடே நோயைச் சொல்லிவிடுகிறது. உறிஞ்சு குழாயின் அடியில், நீர் கீழிறங்காமல் தடுக்கும் புட் வால்வு கசிவதால், இரவு முழுவதும் குழாய் நீர் கிணற்றுக்குத் திரும்பிவிட, காலையில் பம்பு முதலில் காற்றையே வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பகல் இடைவெளி இரவைவிடக் குறுகியதாயின், மாலையில் முந்திய இறைப்பின் நீர் இன்னும் குழாயில் நிற்கிறது. அந்த 3 நிமிடத்துக்கான மேலதிகச் செலவு மாதத்துக்கு ஓர் அலகுகூட வராது என்பதால் மின்பட்டியலில் இது ஒருபோதும் தெரியப்போவதில்லை. 15 நிமிடச் சராசரியைப் பதியும் மானியிலும் அந்தப் படி கரைந்துவிடும் என்பதால், 10 செக்கன் இடைவெளியாவது வேண்டும். 3 நிமிடம் 8 நிமிடமாக நீளும்போது திருத்துபவரை அழைக்காவிட்டால், ஒரு காலையில் கோடு ஏறாமலேயே இருக்கும். தாங்கி நிரம்பாததால் மிதவை ஆளியும் நிறுத்தாது, உறையில் எஞ்சிய நீர் சூடேற, தண்டைச் சுற்றியுள்ள சீல் கருகிவிடும்.

இதனோடு குழம்பக்கூடிய குறிகளும் உண்டு. குழாய்ப் பொருத்தில் காற்று இழுத்தால் தொடக்கத்தில் படி தோன்றாது. ஓட்டம் முழுவதும் கோடு நடுங்கும். வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய மாதங்களில் கிணற்று நீர்மட்டம் தாழும்போதும் வலு சற்று இறங்கி, நிரப்பும் நேரம் நீளும். தட்டு தேய்ந்தாலும் அதே தோற்றந்தான். கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தையும் அளந்து எழுதிவைத்தவருக்கே, மழைக்குப் பின் மீள்வது கிணறு, மீளாதது தேய்மானம் என்பது விளங்கும். மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்தாலும் வாற்று மாறும். அதையும் உடன் பதிய வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள அரைக் குதிரைவலுச் சிறு பம்புகளுள் பல, ஓரத்தில் பற்களுள்ள தட்டைக் கொண்ட வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் நீர் குறையக் குறைய வலு ஏறும் என்பதால், வகையை அறியாமல் பதிவை வாசிப்பது ஆபத்தானது.

பம்பைப் போலவே குளிர்சாதனப் பெட்டியின் பதிவை வாசிக்கவும் கோட்டின் உயரம், நீளம் என்ற இரண்டே அளவுகள் போதும். கதவு ரப்பர் தளர்ந்தால் வலு மாறாமல் ஓடும் நேரம் மட்டும் நீளும். வாயு கசிந்தால் வழக்கத்திலும் குறைந்த வலுவில் நிற்காமல் ஓடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூரிய எழுச்சி மட்டும் தோன்றிச் சமதளம் தொடராவிட்டால், கொம்பிரசர் தொடங்க முயன்று தோற்கிறது.

மீண்டும் பம்புக்கு வந்தால், கசியும் புட் வால்வைக் கழற்ற உறிஞ்சு குழாய் முழுவதையும் கிணற்றிலிருந்து தூக்க வேண்டும். சுண்ணக்கல் நீரில் கிடந்த வால்வின் மடலோரம் வெண்படிவு பிடித்து, மடல் சரியாக அமராமல் நிற்பது வழக்கமான காட்சியாகும். படிவைச் சுரண்டினாலே சில வேளை போதும், ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். மீண்டும் பொருத்துகையில் குழாயைக் கையாலேயே நீர்விட்டு நிரப்புவதால், அன்றைய ஓட்டம் எப்படியும் படியின்றியே தொடங்கும். திருத்தியது பலித்ததா என்பதற்கு, ஓரிரவு கழிந்த மறுநாள் காலைப் பதிவே சான்றாகும்.