மூணேகால் சேர் வெல்லம்

தமிழ்நாட்டு வீடுகளில் 1950களில் எழுதத் தொடங்கப்பட்ட சமையல் குறிப்பேடுகள் பெரும்பாலும் இரண்டு அளவு முறைகளுக்கு நடுவில் நிற்பவை. இந்தியாவில் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்த சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. அதனால் ஒரே நோட்டின் முன்பக்கங்களில் பலமும் சேரும் ஆழாக்கும் இருக்க, பின்பக்கங்களில் கிராமும் லிட்டரும் தலைகாட்டுகின்றன. மாயவரத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டியின் நோட்டு இத்தகையதே. அதைக் கணினியில் தட்டச்சு செய்ய முற்பட்ட பேத்தி, அந்த நோட்டை எந்தக் காலத்தில் எழுதினார்கள் என்பதை எழுத்தின் வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியவில்லை என்பதை முதலில் கண்டாள். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகும், பாட்டி தும்பிக்கை போல் மேலே வளையும் பழைய ‘லை’யையும் ‘னை’யையும் கடைசிப் பக்கம் வரை விடவில்லை. பள்ளியில் படிந்த கையெழுத்து அரசாணைக்காக மாறுவதில்லை. ஆனால் மளிகைக் கடையின் தராசு மாறினால் சமையல் குறிப்பு மாறியே தீர வேண்டும் என்பதால், பக்கங்களின் வயதை அளவுகளே காட்டிக்கொடுத்தன.

பேத்தியைத் தடுத்து நிறுத்தியவை சொற்களைவிடக் குறிகளே. ‘மேற்படி’ என்பதற்குக் கணக்குப்பிள்ளைகள் எழுதும் ௸ என்னும் குறியைப் பாட்டி, முன்னர்ச் சொன்ன மாவையோ பாகையோ மீண்டும் குறிக்கத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தாள். ஒரு பக்கத்தின் தலையில் ‘உ’ என்று இருந்தால் அது பிள்ளையார் சுழி. அதே வடிவம் பொருளின் பெயருக்குப் பின்னால் வந்தால் இரண்டு என்னும் எண். அதற்கும் அடுத்து நின்றால் உழக்கு, அதாவது இரண்டு ஆழாக்கு கொள்ளும் அளவு. அரிசி உ உ என்று எழுதப்பட்டிருந்த வரி இரண்டு உழக்கு அரிசி என்பதை, இடத்தை வைத்தே அவள் தெரிந்துகொண்டாள். இவ்வகைச் சுருக்கங்களைப் படிப்பதில் அகராதியைவிடப் பக்கத்து வரிகளே மிகுதியும் உதவுகின்றன.

உண்மையான சிக்கல் அதிரசப் பக்கத்தில் வந்தது. அரிசி ஒரு படி என்பது தெளிவாக இருந்தது. படி என்பது எட்டு ஆழாக்கு. வெல்லத்தின் அளவு எழுதப்பட்ட இடத்தில் மஞ்சள் கறை படர்ந்து, சாயம்போன ஊதா மையின் மேற்பாதியை விழுங்கியிருந்தது. கீழே வளைந்த சுழி மட்டும் தெரிந்தது. அது ௩ ஆகவும் இருக்கலாம், ‘ரு’ போல் எழுதப்படும் ௫ ஆகவும் இருக்கலாம். பேத்தி அதை ஐந்து என்றே கொண்டாள். ஐந்து சேர் சேர்ந்தால் ஒரு வீசை. ஒரு வீசை என்று முழுமையாகச் சொல்லக்கூடிய அளவைப் பாட்டி ஏன் ஐந்து சேராக எழுத வேண்டும் என்ற கேள்வி அப்போது அவளுக்கு எழவில்லை.

வீட்டின் பரணில் பாட்டியின் பித்தளை ஆழாக்கு கிடைத்தது. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதால், புத்தகங்களில் உள்ள கணக்கைக் காட்டிலும் அந்த வீட்டில் புழங்கிய பாத்திரமே நம்பத் தகுந்தது. அதில் தண்ணீரை நிரப்பிச் சமையலறைத் தராசில் நிறுத்தபோது ஏறக்குறைய 168 கிராம் இருந்தது. தலை தட்டிய பச்சரிசி சுமார் 135 கிராம். முழுப் படிக்கு இறங்காமல் ஓர் ஆழாக்கு அரிசிக்கு மட்டும் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு சேர் என்பது எட்டுப் பலம், அதாவது 280 கிராம். ஐந்து சேரில் எட்டில் ஒரு பங்கு 175 கிராம்.

அரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் நிலையிலேயே இடித்துச் சலித்தாள். பாகு, குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் மெத்தென்று உருளும் பதத்துக்கு வந்ததும் இறக்கி மாவைச் சேர்த்தாள். ஒரு நாள் வைத்திருந்து, வாழையிலையில் தட்டி எண்ணெயில் போட்டபோது, அதிரசம் உருவம் கொள்ளாமல் பிரிந்து, சட்டியின் அடியில் கரும்பழுப்பாகப் படிந்தது.

அதே தெருவில் கல்யாணங்களுக்குப் பலகாரம் செய்துகொடுக்கும் மூத்த பெண்மணி ஒருவர், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்ததும், “பாகு பதம் வந்திருக்கு பாப்பா, வெல்லம்தான் கூடிப்போச்சு, மாவு தாங்கலே” என்றார். பதம் தவறினாலும் அதிரசம் பிரியும், வெல்லம் மிகுந்தாலும் பிரியும் என்பதால் இரண்டையும் வேறுபடுத்துவது எளிதன்று. அவர் பிசைந்த மாவின் மிச்சத்தை விரலில் எடுத்து, அது உருண்டையாக நிற்காமல் வழிவதை வைத்து முடிவு சொன்னார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய பேச்சு வெல்ல மண்டியின் பக்கம் திரும்பியது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு மட்டும் நல்ல விலை சொல்லும் இடைத்தரகர்களால், ஆலைக்கொட்டகையில் ஹைட்ரோஸ் என்னும் வெளுப்பு உப்பையும், சில இடங்களில் சர்க்கரையையும் சேர்க்கிறார்கள் என்றும், சர்க்கரை கலந்த வெல்லத்தின் பாகு கண்மூடித் திறப்பதற்குள் இறுகி அதிரசத்தைக் கல்லாக்கிவிடுகிறது என்றும் அவர் குறைபட்டார். கறுத்த வெல்லத்தைக் காய்ச்சியவனுக்குக் குறைந்த விலையும், பலகாரம் கெட்டால் செய்தவளுக்குப் பழியும் வருகின்றன. நிறம் கேட்டவருக்கு இரண்டும் இல்லை. பெண்மணியின் கோபம் நியாயமானது.

அதன்பின் பேத்தி நோட்டின் பக்கத்தை வேறு விதமாகப் படமெடுத்தாள். எண்ணெய்க் கறை பட்ட தாளில் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும் என்பதால் தாளுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வைத்தாள். பின்னர்ப் படத்தின் சிவப்பு வண்ணத் தளத்தை மட்டும் பிரித்துப் பார்த்தாள். மஞ்சள், சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்புவதால் அந்தத் தளத்தில் கறை வெள்ளையாக மறைந்துவிடும். ஊதா மை சிவப்பொளியை உறிஞ்சுவதால் கறுத்து நிற்கும். கறை விலகியதும் ௩ தெரிந்தது. அதற்கு வலப்புறம் ‘வ’ என்று ஒரு சிறு எழுத்தும் தெரிந்தது. வெல்லம் என்னும் சொல் முந்தைய வரியிலேயே முடிந்துவிட்டதால் அது அந்தச் சொல்லின் முதலெழுத்தாக இருக்க முடியாது. பழைய கணக்கில் ‘வ’ வடிவம் காலைக் குறிக்கும். ஆக, மூணேகால் சேர்: ஒரு படிக்கு 910 கிராம், ஓர் ஆழாக்குக்கு ஏறக்குறைய 114 கிராம்.

இரண்டாம் முறை செய்த அதிரசம் நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் சற்று மொறுமொறுப்பாகவும் வந்தது. பலகாரக்காரப் பெண்மணி ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, கால் சேர் ஏன் என்பதற்குத் தன் பங்குக்கு ஒரு காரணம் சொன்னார்: அக்கால வெல்லத்தில் மண்ணும் தூசியும் இருக்கும், பாகை வடிகட்டினால் அவ்வளவு கழியும், தூய்மையான வெல்லமாக இருந்தால் மூன்று சேரே போதும்.

தட்டச்சுப் படியில் பேத்தி பாட்டியின் குறியையும் தன் ஊகத்தையும் ஒன்றாகக் கலக்கவில்லை. கால் குறி 2019இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது என்பதாலும் பல கைப்பேசிகளில் அது வெற்றுக் கட்டமாகவே தோன்றும் என்பதாலும், ‘மூணேகால் சேர்’ என்று எழுத்தால் எழுதி, கிராமை அடைப்புக்குறிக்குள் கொடுத்தாள். வாசிப்பு ஐயத்துக்குரிய எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் இட்டாள். அதே பக்கத்தின் கடைசி வரியில் ஏலக்காயை அடுத்து வந்த பொருளின் பெயரில் முதலெழுத்து ‘சு’ என்பதைத் தவிர எதுவும் பிடிபடவில்லை. சுக்காக இருக்கலாம் என்று பெண்மணி சொன்னபோதிலும், பேத்தி அங்கே சு[---] என்றே விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.