காலையில் என்ன சாப்பிட்டாய்?

அக்டோபர் முதல் நாளைத் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாக 1975 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கடைப்பிடித்து வருகின்றனர். புனே நகரில் நான் குடியிருக்கும் பகுதியில் அந்நாளில் ஒரு முகாம் நடைபெறும். வாயிலில் 'ரக்ததான் சிபிர்' என்று மராத்தியில் பெயர்ப்பலகை தொங்கும். உள்ளே நுழைந்தவுடன் இருப்பது வரவேற்பு மேசை. கடந்த சில ஆண்டுகளாக அம்மேசையில் அமர்வது என் பணி. என் மாணவர்கள் சிலரும் உடன் வருவர். பதினெட்டு வயது நிறையாதவர்கள் குருதி கொடுக்க இயலாது. ஆனால் தண்ணீர் ஊற்றித் தரலாம், படிவம் எடுத்துக் கொடுக்கலாம், தமிழ் மட்டுமே அறிந்த பாட்டிக்கும் மராத்தி மட்டுமே பேசும் செவிலியருக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கலாம். மூன்று மொழிகளில் புழங்கும் பிள்ளைகளுக்கு இப்பணி எளிதாகவே வருகிறது.

முன்னரே பலமுறை கொடுத்தவர்களை வரவேற்பது எளிது. அவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வருவார்கள். முதன்முறையாக வருபவர்களை நாம்தான் கண்டுகொள்ள வேண்டும். அச்சம் என்பது எப்போதும் நடுக்கமாகத் தெரிவதில்லை. ஒருவர் தேவைக்கு மேல் உரக்கச் சிரிப்பார்; மற்றொருவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்; இன்னொருவர் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பார். "யா, பஸா" என்று மராத்தியில் சொல்லி அமரச் செய்வேன். 'வாருங்கள், உட்காருங்கள்' என்பது அதன் பொருள். மேசைக்கு அப்பால் அன்று, என் பக்கத்திலேயே ஒரு நாற்காலி இட்டிருப்பேன். எதிரெதிரே அமர்ந்தால் அது நேர்முகத் தேர்வுபோல் ஆகிவிடுகிறது.

"ஏதேனும் ஐயம் உண்டா?" என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "இல்லை" என்றே விடை சொல்வர். அவர்கள் மறைக்கிறார்கள் என்பதில்லை. மனத்தில் இருப்பது வினாவாக இன்னும் உருவாகவில்லை. ஆதலால் எளிதில் விடை சொல்லக்கூடிய ஒரு வினாவை நான் முதலில் கேட்பேன். அதன் பயனைச் சென்ற முகாமில் கண்ட ஒரு நிகழ்வால் விளக்குகிறேன்.

நான்கு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வந்தனர். அவர்களுள் உரக்கச் சிரித்தவன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. ஐயம் ஒன்றும் இல்லை என்று அவனும் சொன்னான்.

"சரி தம்பி, காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சாப்பிடவில்லை டீச்சர். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடுதானே வர வேண்டும்? போன வாரம் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும்போது அப்படித்தான் சொன்னார்கள்."

முதன்முறை வருபவர் பலரிடம் இந்தக் குழப்பம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சில மில்லிலிட்டர் குருதி எடுக்கிறார்கள். உணவு அந்த அளவை மாற்றிவிடும் என்பதால் உண்ணாமல் வரச் சொல்கிறார்கள். கொடைக்கு எடுப்பதோ 350 மில்லிலிட்டர். அதற்கு வெறும் வயிறு ஆகாது. முந்தைய நான்கு மணி நேரத்திற்குள் உண்டிருக்க வேண்டும். இரண்டு சொல்லும் 'இரத்தம் எடுத்தல்' என்றே ஒலிப்பதால் வந்த வினை இது. அவன் உண்ணாமலே கட்டிலில் படுத்திருந்தால், மயக்கம் வருவதற்கான வாய்ப்பு மிகுந்திருக்கும்.

வாயிலருகே இருந்த கடையில் சூடான போஹே கிடைத்தது. நம் ஊர் அவல் உப்புமாவின் உடன்பிறப்பு அது. அதை வாங்கி உண்ணச் சொன்னேன். என் மாணவி அரை லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். மெதுவாகக் குடிக்குமாறும், அரை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம் என்றும் கூறினேன். நண்பர்கள் மூவரும் முன்னே சென்றுவிட்டனர்.

அவர்கள் போனபின்புதான் அவனது உண்மையான வினா வெளிவந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே, "மயங்கி விழுந்துவிட்டால் என்ன டீச்சர் ஆகும்? கல்லூரி முழுவதும் சொல்லிச் சிரிப்பார்கள்" என்றான். அவன் ஊசிக்கு அஞ்சவில்லை. நண்பர்களின் கண்களுக்கு அஞ்சினான்.

இத்தகைய இடத்தில், "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடுவது எளிது. நான் அதைச் சொல்வதில்லை. முதன்முறை கொடுப்பவர்களுள் சிலருக்குத் தலைசுற்றல் வரத்தான் செய்கிறது. ஆகாது என்று சொல்லி அனுப்பினால், அது வரும்போது அவர்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். அது ஏன் வருகிறது என்று சொல்லிவிட்டால் அச்சம் பாதி குறைகிறது. எனவே அவனுக்கு விளக்கினேன்.

அஞ்சும்போது சிலருடைய இதயத் துடிப்பு திடீரெனக் குறைகிறது. குருதிக் குழாய்கள் விரிகின்றன. குருதி கால்களில் தங்கிவிட, மூளைக்குச் செல்வது சற்று நேரம் குறைகிறது. இதுதான் அந்த மயக்கம். பெரும்பாலும் இது குருதி தீர்ந்துபோவதால் வருவதன்று. அவன் எடை 58 கிலோ. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், அவன் உடலில் நான்கு லிட்டருக்குச் சற்று மிகுதியாகக் குருதி இருக்கும். எடுக்கப்போவது அதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஊசியைக் கண்ட அளவில் ஒரு துளியும் கொடுக்காமலே மயங்குபவர்களும் உண்டு என்றபோது அவன் முதன்முறையாக மெல்லச் சிரித்தான்.

மயக்கம் திடீரென விழுவதில்லை, அறிவித்துவிட்டே வருகிறது. நெற்றி வியர்க்கும், கொட்டாவி வரும், குமட்டும், காதில் இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். அவர் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, கால்களை உயர்த்துவார். சில நிமிடங்களில் சரியாகிவிடும். படுத்திருக்கும்போது கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தொடைத் தசைகளை ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்துவதும் நல்ல பயன் தரும். கால்களில் தேங்கும் குருதியை அது மேலே தள்ளுகிறது. நாற்காலியில் அமர்ந்தபடியே அவன் அதைச் செய்து பழகினான். எந்த நிலையிலும், ஊசி குத்திய பின்னும்கூட, "வேண்டாம்" என்று சொல்லி எழுந்து வர அவனுக்கு உரிமை உண்டு என்பதையும் சொன்னேன். அவ்வுரிமை தெரிந்தவர்கள் பெரும்பாலும் எழுந்து வருவதில்லை.

"வலிக்குமா?" என்பதற்கும் உள்ளதையே சொல்ல வேண்டும். இது தடுப்பூசி போடும் ஊசியைவிடப் பருமனானது. ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மெல்லிய ஊசியாக இருந்தால் குருதி மெதுவாக ஓடி உறையத் தொடங்கும்; சிவப்பணுக்களும் சிதையக்கூடும். குத்தும்போது அழுத்திக் கிள்ளியதுபோல் இரண்டு விநாடி வலிக்கும். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் வரை பெரிதாக வலிக்காது. வலி தொடர்ந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வரவேற்பு மேசையில் கேட்கக்கூடாத வினாக்களும் உண்டு. என்ன நோய் வந்தது, என்ன மாத்திரை உண்கிறீர்கள் என்று நான் எவரையும் கேட்பதில்லை. அவற்றைத் திரைக்குப் பின்னால் மருத்துவர் தனியே கேட்பார். சென்ற முகாமிலேயே ஓர் அம்மையார் என் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் தம் உடல்நிலையைச் சொல்லத் தொடங்கினார். மராத்தியில் சொல்ல இயலாத செய்தி அது. "அக்கா, இதை உள்ளே அந்த டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள், மொழிபெயர்க்க நான் வருகிறேன். என் மாணவர்கள் வரமாட்டார்கள்" என்றேன். கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது மருத்துவரே. எங்கள் மேசை அன்று.

அந்த அம்மையாரின் விரல் நுனியில் சிறிய ஊசியால் குத்தி, ஒரு துளிக் குருதியை மயில்துத்தக் கரைசலில் விட்டனர். அந்த நீலநிறக் கரைசல் நீரைவிடச் சற்று அடர்த்தியாக இருக்குமாறு அளந்து செய்யப்பட்டது. குருதியில் ஹீமோகுளோபின் போதிய அளவு இருந்தால் துளி கனமாகி, பதினைந்து விநாடிக்குள் அடியில் மூழ்கிவிடும். குறைவாக இருந்தால் தயங்கி நிற்கும், அல்லது மேலே எழும். கொடையாளர்க்கு ஆணாயினும் பெண்ணாயினும் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருக்க வேண்டும். அவருடைய துளி நடுவிலேயே நின்றது. மருத்துவர் கருவியிலும் அளந்து பார்த்தார், 11.6 என்று வந்தது. இந்தச் சோதனையைப் பற்றி அவர் அமர்ந்தபோதே நான் சொல்லியிருந்தேன். இன்று திருப்பி அனுப்பப்படலாம் என்பதையும் சொல்லியிருந்தேன். அதனால் அவர் முகம் வாடினாலும், ஏமாற்றப்பட்டதாக எண்ணவில்லை. எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு சென்றார். இரத்தசோகை இருப்பது தெரியாமலே அவர் எத்தனை ஆண்டு வேலை செய்து வந்தாரோ!

அவ்விளைஞனின் துளி மூழ்கியது. அவன் வேண்டியபடி சாளரத்தருகே கடைசிக் கட்டிலைத் தரச் செய்தோம். நண்பர்களை வெளியே அமர்த்தினோம். நான்காம் நிமிடத்தில் அவனுக்குக் கொட்டாவி வந்தது. "சிஸ்டர், கொட்டாவி வருகிறது" என்று அவனே சொன்னான். செவிலியர் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, இருமச் சொல்லி, முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளுத்திருந்த உதட்டில் நிறம் திரும்பியது. ஏழாம் நிமிடத்தில் பை நிறைந்தது. உடனே எழ விடாமல் கால் மணி நேரம் படுக்க வைத்தனர். பிறகு கட்டிலில் அமர்ந்தான், அதன்பின் நின்றான். சட்டென எழும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

பழச்சாறு குடித்தவாறே மீண்டும் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தான். இப்போது அவனிடம் வினாக்கள் நிறைந்திருந்தன. அந்தப் பை எங்கே போகும் என்று கேட்டான். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வகைகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பார்கள். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரித்தால் ஒருவர் கொடுத்தது ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு உதவும் என்றேன். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகும்; சிவப்பணுக்கள் ஈடாகச் சில வாரங்கள் ஆகும் என்றேன். அடுத்து எப்போது வரலாம் என்றான். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். விரல்விட்டு எண்ணி, டிசம்பர் 30 என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டான். அன்று காலை போஹேக்குப் பதிலாக இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாமா என்றும் கேட்டான்.