இருபதாயிரம் என்ற ஒற்றை எண்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கணக்கு வாத்தியார் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் தரமாட்டார். செய்முறையையும் காட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தை 2020 ஜனவரியில் மறந்துவிட்டேன்.

ஓய்வூதியப் பணிக்கொடையில் பத்து லட்சத்தை நிஃப்டி குறியீட்டு நிதியில் போட்டிருந்தேன். முதலீட்டு ஆலோசகர் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் "வேல்யூ அட் ரிஸ்க், ஒரு நாள், 99 சதவீதம்: ரூ. 20,000" என்று இருந்தது. இதைவிட அதிகம் போகாது என்று புரிந்துகொண்டேன். மகளின் வீட்டு முன்பணத்துக்காக ஏப்ரலில் மூன்று லட்சம் எடுக்க வேண்டியிருந்தது. அதையும் அங்கேயே விட்டுவைத்தேன்.

பாரிஸில் ஒரு வங்கியின் இடர்ப் பிரிவில் இருக்கும் அண்ணன் மகன்தான் பிறகு செய்முறையைச் சொன்னான். "பழைய நோட்டு ஒன்றை எடுங்கள் சித்தப்பா. 2019இல் சந்தை நடந்த சுமார் 245 நாட்களின் ஏற்ற இறக்கத்தை எழுதுங்கள். மோசமான நாளை முதலில் வைத்து வரிசைப்படுத்துங்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் 245இல் இரண்டரை. ஆகவே மேலிருந்து மூன்றாவது வரியைப் பாருங்கள்."

பார்த்தேன். அந்த வரியில் சரிவு இரண்டு சதவீதத்துக்குள் இருந்தது. பத்து லட்சத்துக்கு அது இருபதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. தாளில் முழு எண்ணாக்கிப் போட்டிருந்தார்கள். ஆக, கணக்கில் பிழை இல்லை. நான் படித்த விதம்தான் பிழை. நூறு நாளில் 99 நாள் நஷ்டம் இருபதாயிரத்தைத் தாண்டாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மீதி ஒரு நாளில் எவ்வளவு போகும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. இருபத்தோராயிரம் போகலாம், இரண்டு லட்சமும் போகலாம், எண் மாறாது.

2020 மார்ச்சில் அந்த ஒரு நாள் வந்தது, அதுவும் கூட்டமாக. 9, 12, 16 ஆகிய தேதிகளில் பெரிய சரிவுகள். 23ஆம் தேதி காலையில் பத்து சதவீதம் இறங்கியதும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். திறந்த பிறகும் இறங்கி, அன்று மட்டும் சுமார் 13 சதவீதம் போயிற்று. அதற்குள் என் பத்து லட்சம் ஏழே கால் லட்சம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதிலும் அந்த ஒரே நாளில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் கரைந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தாண்ட வேண்டிய கோட்டை அந்தப் பதினைந்து நாட்களிலேயே நான்கு முறைக்கு மேல் தாண்டியாயிற்று. 2019 அமைதியான ஆண்டு; அமைதியான ஆண்டின் நோட்டில் புயல் எப்படி இருக்கும்? மகளுக்கான மூன்று லட்சத்தை அடிமட்ட விலையில் விற்றுத்தான் கொடுத்தேன்.

உண்மையில் இது எனக்குப் புதிய பாடமே அல்ல. அலுவலகத்தில் இருந்தபோது கூட்டுறவுக் கடனுக்காகப் பலருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதினோரு பேர் ஒழுங்காகக் கட்டி முடித்தார்கள். பல ஆண்டுகள் மாதாமாதம் என் நஷ்டம் பூஜ்யம். அந்த மாதங்களை வரிசைப்படுத்தி யார் கணக்குப் போட்டிருந்தாலும் ஜாமீனின் இடர் பூஜ்யம் என்றே வந்திருக்கும். பன்னிரண்டாவது ஆள் ஊரை விட்டுப் போனான். பதினெட்டு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். சின்னச் சின்ன நன்மை அடிக்கடி, பெரிய அடி எப்போதாவது என்று அமைந்த எந்த ஏற்பாட்டையும் இந்த எண் பத்திரமானது என்றே காட்டும்.

இந்த ஒற்றை எண்ணைப் பிரபலமாக்கியது ஜே.பி. மார்கன் வங்கி. அதன் தலைவர் டென்னிஸ் வெதர்ஸ்டோன் தினமும் மாலை 4.15க்குத் தம் மேசைக்கு ஓர் இடர்க் குறிப்பு வரவேண்டும் என்று கேட்டாராம். சாதாரண நாளின் நஷ்டத்தை அறிய அது உதவும். ஆனால் வங்கிகளுக்கு விதி வகுக்கும் பாசல் குழுவே பின்னர் சந்தை இடருக்கு வேறு அளவைக்கு மாறிவிட்டது. கோட்டைத் தாண்டிய நாட்களின் நஷ்டத்தை எல்லாம் கூட்டிச் சராசரி பார்ப்பது அந்த முறை. என் நோட்டில் என்றால், மூன்றாவது வரியோடு நிற்காமல் அதற்கு மேலுள்ள வரிகளையும் படிப்பது.

அதுவும் நோட்டில் மார்ச் 2020 இருந்தால்தான் பயன்படும். இப்போது யாராவது அப்படி ஒரு தாளை நீட்டினால் இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்த ஆண்டுகளை வைத்துப் போட்டீர்கள்? அந்தக் கோட்டைத் தாண்டிய மோசமான நாளில் எவ்வளவு போயிற்று? அடுத்த ஓராண்டில் தேவைப்படும் பணத்தை, பதில் என்னவாக இருந்தாலும், அஞ்சலகத்தில்தான் வைத்திருக்கிறேன்.