எல்லோருக்கும் ஒரே நன்றி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து நள்ளிரவிலேயே தொடங்கிவிடுகிறது. விழித்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் வருவார்கள். விடிந்ததும் பெரியப்பாவின் ரோஜாப் படம், அடுப்படி வேலை முடிந்ததும் சித்தியின் குரல் பதிவு. துபாயில் வேலை பார்ப்பவர்கள் எழுத இரவாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் "நன்றி" போட்டால், நாற்பது பேருடைய ஃபோனும் நாள் முழுக்க ஒலிக்கும். நடுவில் ஒருவர், அத்தையை எந்த வார்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வி மேலே போய் மறைந்துவிடும்.

2022 மே மாதம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வசதி இதற்கு உதவுகிறது. செய்தியை அழுத்திப் பிடித்தால் இதயம், கைகூப்பு போன்ற எமோஜிகள் தோன்றும். தேர்ந்தெடுத்த எமோஜி அந்தச் செய்தியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அறிவிப்பு அதை எழுதியவருக்கு மட்டும் போகும். பகல் முழுக்க இதுவே போதும். நன்றிச் செய்தியை இரவு ஒன்பதுக்கு மேல் எழுதுவதுதான் நல்லது. மதியமே எழுதினால், மாலையில் வாழ்த்துபவர் விடுபட்டுப் போவார்.

என்ன எழுதுவது? கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எழுதியது இது: "எல்லாருடைய வாழ்த்தையும் படிச்சேன், ரொம்ப சந்தோஷம். அந்தப் பாட்டை ரெண்டு தடவை கேட்டேன். பாவாடை சட்டை ஃபோட்டோ பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துடுச்சு. எல்லாருக்கும் என் நன்றி."

இதில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் பாடியவருக்கும், ஃபோட்டோவைத் தேடி எடுத்தவருக்கும் தங்களைத்தான் சொல்கிறார் என்று தெரியும். வாழ்த்துகளை அவர் உண்மையாகவே படித்தார் என்பது மற்றவர்களுக்கும் புரியும். பன்னிரண்டு பெயர்களை வரிசையாக எழுதி பதின்மூன்றாவதை மறந்தால் மனத்தாங்கல் நிச்சயம். எழுதியதில் பிழை இருந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு முடியாது. @ போட்டு நாற்பது பேரையும் இழுப்பதும் வேண்டாம். குழுவை ஒலியின்றி வைத்திருப்பவருக்கும் அது தனி அறிவிப்பாகப் போய்ச் சேரும். மறுநாள் வரும் வாழ்த்துக்கு எமோஜி போதும். இன்னொரு பொது நன்றி தேவையில்லை.

பெரியவர்கள் விஷயம் மட்டும் வேறு. "நேரில் வந்து அழைத்ததாக ஏற்று" என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பிறகும், தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போகிறோம் அல்லவா? "தீர்க்காயுசா இரு" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி ஆசீர்வதித்த எண்பது வயதுத் தாத்தாவுக்கு எமோஜி நன்றியாகாது. குழுவில் எழுதுவதற்கு முன்பே அவருக்கு ஃபோன் செய்துவிடுங்கள்.