தக்காளி வேரில் முடிச்சு

ஓசூர் சிப்காட் பக்கம், பக்கத்து வீட்டு அக்காவின் மாடித் தக்காளி, தண்ணீர் விட்டும் மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தது. பிடுங்கிப் பார்த்தோம். வேரெல்லாம் மணிமணியாக வீக்கம். அவரை வேரின் நல்ல முடிச்சு என்றால் நகம் பட்டதும் உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை, வேரே பருத்திருந்தது. வேர்முடிச்சு நூற்புழு!

இந்தச் செடிக்கு இனி வைத்தியம் கிடையாது. வேரோடு எரித்துவிடுங்கள், உரத்தொட்டியில் போடாதீர்கள். அதே மண்ணில் வெண்டை வைத்தாலும் இதே கதிதான். மண்ணை நனைத்து, நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் ஓரம் விடாமல் மூடி, ஏப்ரல், மே வெயிலில் 6 வாரம் விடுங்கள். ஓசூர் குளிர்ந்த ஊர், குவித்து வைத்தால் அடிமண் சூடேறாது. பிறகு வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு போகம் செண்டுமல்லி வையுங்கள். தக்காளி அதற்கப்புறம்தான்.